மாறிய கையெழுத்தும் மாறாத மாதிரியும்

கணக்கில் பணம் இருக்கிறது. காசோலையில் தேதி, பெயர், தொகை எல்லாம் சரியாக இருக்கின்றன. கையெழுத்தும் கணக்குக்கு உரியவர் தன் கையால் போட்டதுதான். இருந்தும் காசோலை திரும்பி வந்துவிடுகிறது. அதோடு வரும் ரிட்டர்ன் மெமோவில் ‘டிராயர்ஸ் சிக்னேச்சர் டிஃபர்ஸ்’ என்ற காரணம் குறிக்கப்பட்டிருக்கிறது. பணம் போதாமல் திரும்பினால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. இந்தக் காரணத்துக்குத்தான் கவுண்ட்டரில் வாக்குவாதம் நடக்கிறது. “என் கையெழுத்தை என்னுடையது இல்லை என்று சொல்ல நீங்கள் யார்?” என்று வாடிக்கையாளர் கேட்கிறார். வங்கி ஊழியர் மாதிரிக் கையெழுத்தைத் திரையில் காட்டி, “இது நீங்கள் கொடுத்ததுதானே?” என்று திருப்பிக் கேட்கிறார்.

இருவர் சொல்வதும் உண்மைதான். கையெழுத்து போலி என்று வங்கி சொல்லவில்லை. தன்னிடம் கொடுத்து வைத்த மாதிரியோடு அது ஒத்துப்போகவில்லை என்று மட்டுமே சொல்கிறது. கணக்கு தொடங்கிய அன்று வாங்கிய மாதிரி அப்படியே இருக்க, கை மட்டும் ஆண்டுதோறும் மாறிக்கொண்டே போகிறது. இந்த இடைவெளி எப்படி உண்டாகிறது, வங்கி அதை ஏன் கண்டும் காணாமல் விட முடியாது, அதை முறையாக மூடுவது எப்படி என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

கண்டிப்புக்குக் காரணம் சட்டம்

காசோலை என்பது வாடிக்கையாளர் தன் வங்கிக்கு எழுத்தில் இடும் கட்டளை. “என் கணக்கிலிருந்து இவருக்கு இவ்வளவு கொடு” என்பதே அதன் உள்ளடக்கம். அந்தக் கட்டளைக்கு உயிர் கொடுப்பது கையெழுத்து. கையெழுத்து போலியானால் கட்டளையே இல்லை. கட்டளை இல்லாமல் கொடுத்த பணம் வங்கியின் சொந்தப் பணம்.

உச்ச நீதிமன்றம் 1987இல் கனரா வங்கிக்கும் கனரா சேல்ஸ் கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. அந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்த ஊழியர் ஒருவர், நிர்வாக இயக்குநரின் கையெழுத்தைப் போலியாகப் போட்டு 42 காசோலைகள் வழியாக 3,26,047 ரூபாய் 92 பைசாவை எடுத்திருந்தார். பல ஆண்டுகள் நிறுவனம் இதைக் கவனிக்கவில்லை. பாஸ் புத்தகத்தை ஒழுங்காகச் சரிபார்த்திருந்தால் முதலிலேயே தெரிந்திருக்கும், ஆகவே நட்டம் நிறுவனத்தின் கவனக்குறைவால் வந்தது என்று வங்கி வாதிட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை. கவனக்குறைவு மட்டும் வாடிக்கையாளரின் உரிமையைப் பறித்துவிடாது, போலிக் காசோலைக்குக் கொடுத்த பணத்தை வங்கிதான் ஈடுசெய்ய வேண்டும் என்று தீர்ப்பானது.

1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தில் இங்கே ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. காசோலையின் பின்புறம் பணம் பெறுபவர் இடும் மேலெழுத்து போலியாக இருந்து, வங்கி நல்லெண்ணத்தோடும் உரிய முறையிலும் பணம் கொடுத்திருந்தால், 85ஆம் பிரிவு வங்கியைக் காப்பாற்றும். பெறுபவரின் கையெழுத்து வங்கிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. முன்புறத்தில் காசோலை எழுதியவர் இடும் கையெழுத்துக்கு அப்படிப்பட்ட பாதுகாப்பு கிடையாது. அதன் மாதிரி வங்கியின் கையிலேயே இருக்கிறது.

அப்படியென்றால் சந்தேகம் வந்தாலே திருப்பிவிடுவதுதானே வங்கிக்கு நல்லது என்று தோன்றலாம். அதற்கும் சட்டம் ஒரு கடிவாளம் போட்டிருக்கிறது. கணக்கில் போதிய பணம் இருந்து, காசோலையும் முறையாக இருக்கும்போது வங்கி பணம் கொடுக்கத் தவறினால், அதனால் காசோலை எழுதியவருக்கு ஏற்படும் இழப்பை வங்கி ஈடுகட்ட வேண்டும் என்கிறது 31ஆம் பிரிவு. ஆக, போலியை ஏற்றுக்கொண்டாலும் வங்கிக்கு நட்டம், சரியானதைத் திருப்பினாலும் வங்கிக்குப் பொறுப்பு. இந்த இரண்டுக்கும் நடுவே அதிகாரியிடம் இருக்கும் ஒரே ஆதாரம் மாதிரிக் கையெழுத்து. மாதிரியோடு ஒத்துப்போகாததைத் திருப்பினேன் என்று அவர் எழுதிவைக்க முடியும். ஒத்துப்போகவில்லை, ஆனாலும் இவரை எனக்குத் தெரியும் என்று எழுதிவைக்க முடியாது.

காகிதம் போய்ப் படம் வந்தது

முன்பு காசோலை கணக்கு இருக்கும் கிளைக்கே காகிதமாக வந்து சேரும். அங்கே உட்கார்ந்திருப்பவருக்குப் பெரும்பாலும் வாடிக்கையாளரைத் தெரியும். ‘சாருக்கு இப்போது கை நடுக்கம்’ என்பதும் தெரியும். இன்று அந்த முறை இல்லை. காசோலையைப் படமாக்கி அனுப்பும் சி.டி.எஸ். முறை 2008 பிப்ரவரியில் புதுதில்லியிலும், 2011 செப்டம்பரில் சென்னையிலும், 2013 ஏப்ரலில் மும்பையிலும் தொடங்கி நாடு முழுவதும் பரவிவிட்டது. காசோலையைப் போட்ட வங்கியிலேயே காகிதம் தங்கிவிடுகிறது. பணம் கொடுக்க வேண்டிய வங்கிக்கு அதன் படங்கள் மட்டுமே போகின்றன. அங்கேயும் பல வங்கிகளில் இந்த வேலை கிளையில் நடப்பதில்லை. நகரத்தில் இருக்கும் ஒரு மையத்தில், வாடிக்கையாளரை ஒருநாளும் பார்த்திராத அலுவலர் ஒருவர் திரையின் ஒரு பக்கம் காசோலையையும் மறுபக்கம் மாதிரியையும் வைத்துப் பார்க்கிறார்.

அவர் முன்னால் இருக்கும் படங்கள் மூன்று. முன்பக்கத்தின் சாம்பல்நிறப் படம் அங்குலத்துக்கு 100 புள்ளிகள் என்ற அடர்த்தியில் இருக்கும். முன்பக்கமும் பின்பக்கமும் கறுப்பு வெள்ளையில் 200 புள்ளிகள் அடர்த்தியில் இருக்கும். இதைக் கையெழுத்தோடு பொருத்திப் பார்த்தால் சிக்கல் விளங்கும். சாதாரணப் பால்பாயின்ட் பேனாவின் கோடு சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன். சாம்பல்நிறப் படத்தில் அது இரண்டு புள்ளி அகலம்தான். கறுப்பு வெள்ளைப் படத்தில் நான்கு புள்ளி கிடைக்கும், ஆனால் எங்கே அழுத்தி எழுதினார், எங்கே லேசாக இழுத்தார் என்ற வேறுபாடு அதில் மறைந்துவிடும்.

கையெழுத்து ஆய்வாளர்கள் போலியைக் கண்டுபிடிப்பது வடிவத்தை வைத்து மட்டுமல்ல, கோட்டின் ஓட்டத்தை வைத்தும்தான். உரியவர் யோசிக்காமல் ஒரே வீச்சில் போடுவார். எழுத்துகள் ஒருமுறைக்கு மறுமுறை சற்று மாறினாலும் கோடு சரளமாக ஓடும். பார்த்து வரைபவர் மெதுவாகப் போவார். வடிவம் கச்சிதமாக இருந்தாலும் கோட்டில் நடுக்கமும், தேவையற்ற இடத்தில் பேனாவை எடுத்து வைத்த தடயமும் இருக்கும். முதுமையிலும் பக்கவாதத்துக்குப் பிறகும் கையெழுத்து மாறும் விதத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: மெதுவான கோடு, நடுக்கம், இடையில் நின்று மீண்டும் தொடங்குவது. நேர்மையான முதியவரின் கையெழுத்தும் பார்த்து வரைந்த போலியும் ஒரே அடையாளங்களைக் காட்டுகின்றன. அசல் காகிதத்தை உருப்பெருக்கியில் வைத்து ஆராயும் நிபுணரே இவற்றைப் பிரித்தறிய நேரம் எடுத்துக்கொள்வார். இரண்டு புள்ளி அகலக் கோட்டைச் சில நொடிகள் பார்க்கும் அலுவலர் எப்படிப் பிரிப்பார்?

நேரமும் குறைந்துகொண்டே வருகிறது. 2025 அக்டோபர் 4 முதல் காசோலைகள் தொகுதி தொகுதியாக அல்லாமல் வரவர அனுப்பப்படுகின்றன. பணம் கொடுக்க வேண்டிய வங்கி ஒவ்வொன்றுக்கும் அன்று இரவு 7 மணிக்குள் ஏற்பு அல்லது மறுப்புச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். மாதிரியோடு பொருந்தாத கையெழுத்தை ஓரமாக வைத்து, கிளைக்குப் பேசி, வாடிக்கையாளரைத் தேடிப்பிடித்துக் கேட்டுவிட்டு மறுநாள் முடிவுசெய்யும் வசதி இதில் இல்லை.

ஓர் ஆசிரியையின் காசோலை

இது நடைமுறையில் எப்படி வெளிப்படுகிறது என்பதற்கு ஒரு கற்பனை எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், வயது 72. சம்பளக் கணக்கை 1991இல் தொடங்கியபோது அட்டையில் இரண்டு தலைப்பெழுத்துகளும் பெயரும் ஆங்கிலத்தில் ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகத் தெரியும்படி கையெழுத்திட்டார். தலைமையாசிரியை ஆன பிறகு மாற்றுச் சான்றிதழ், வருகைப் பதிவேடு, மதிப்பெண் பட்டியல் என்று நாள் முழுதும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. தலைப்பெழுத்துகளில் ஒன்று உதிர்ந்தது. பெயரின் முதல் எழுத்து மட்டும் நின்று, மீதி ஓர் அலைக்கோடாகச் சுருங்கியது. ஓய்வுக்குப் பிறகு அந்த அலைக்கோட்டிலும் நடுக்கம் ஏறியது.

இதற்கிடையே வங்கியில் எந்தச் சிக்கலும் வரவில்லை. ஓய்வூதியத்தை ஏ.டி.எம்.மில் எடுத்தார், மின்கட்டணத்தை மகன் கைப்பேசியில் கட்டினார். பல ஆண்டுகளுக்குப் பிறகு, வீட்டு மாடிக்குத் தளம் போட்ட ஒப்பந்தக்காரருக்கு 2,40,000 ரூபாய்க்குக் காசோலை எழுதினார். தொகை 50,000 ரூபாய்க்கு மேல் என்பதால் பாசிட்டிவ் பே வசதியில் காசோலை எண், தேதி, பெறுபவர் பெயர், தொகை ஆகியவற்றை மகன் முன்கூட்டியே பதிவுசெய்தார். 2021 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த இந்த வசதி, எழுதியதைத் திருத்தி மோசடி செய்வதைத் தடுக்கும். அதில் கையெழுத்து இடம்பெறுவதில்லை. எனவே விவரங்கள் எல்லாம் பொருந்தியும், மாதிரியில் இரண்டு தலைப்பெழுத்துகளும் முழுப் பெயரும் இருக்க, காசோலையில் ஒரு தலைப்பெழுத்தும் நடுங்கிய கோடும் இருப்பதைக் கண்ட அலுவலர் அதைத் திருப்பிவிட்டார்.

ஒப்பந்தக்காரர் கைக்குக் காசோலையும் மெமோவும் வந்தன. ஆசிரியையின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. திரும்பிய காசோலைக்கான கட்டணமும் ஜி.எஸ்.டி.யும் கணக்கில் கழிந்தன. வாடிக்கையாளர் மேல் தவறில்லாத காரணங்களுக்கு இந்தக் கட்டணத்தை வசூலிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆனால் கையெழுத்து வேறுபாடு பொதுவாக எழுதியவர் பக்கத்துக் காரணமாகவே கொள்ளப்படுகிறது. இங்கே ஆசிரியை ஏமாற்றவில்லை, வங்கியும் தவறு செய்யவில்லை. 1991இல் எடுத்த மாதிரி ஒருமுறைகூடப் புதுப்பிக்கப்படாததுதான் காரணம்.

மற்றவர்களுக்கு இந்த விலகல் வேறு வழிகளில் வருகிறது. திருமணத்துக்குப் பிறகு தலைப்பெழுத்தை மாற்றிக்கொள்பவர்கள் உண்டு. கணக்கு தொடங்கும்போது ஆங்கிலத்தில் போட்டுவிட்டு, அலுவலகத்தில் தமிழில் கையெழுத்திட்டுப் பழகி, காசோலையிலும் கை தானாகத் தமிழில் போட்டுவிடுபவர்கள் உண்டு. கல்லூரி மாணவராகத் தொடங்கிய கணக்கில் பத்தொன்பது வயதுக் கையெழுத்தோடு நாற்பது வயதைக் கடப்பவர்களும் உண்டு.

மெமோவில் இருக்கும் எண்

மாதிரியை மாற்ற ஓடுவதற்கு முன் மெமோவில் எந்தக் காரணம் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கையெழுத்து தொடர்பான காரணங்கள் பல. ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. எண் 12 என்றால் கையெழுத்து வேறுபடுகிறது என்று பொருள். ஆசிரியைக்கு வந்தது இதுதான். எண் 10 கையெழுத்து முழுமையாக இல்லை என்பதையும், எண் 13 கையெழுத்தே இல்லை என்பதையும் குறிக்கும். இந்த இரண்டிலும் மாதிரியில் கோளாறு இருக்காது. காசோலையைச் சரியாகக் கையெழுத்திட்டுப் புதிதாகக் கொடுத்தால் போதும்.

எண் 14 நிறுவனங்களுக்கும் கூட்டுக் கணக்குகளுக்கும் உரியது. இருவர் கையெழுத்திட வேண்டிய கணக்கில் ஒருவர் மட்டும் போட்டிருந்தாலோ, அதிகாரம் இல்லாதவர் போட்டிருந்தாலோ இது வரும். எண் 15, புதிதாக அதிகாரம் பெற்றவரின் மாதிரிக் கையெழுத்து வங்கிக்கு வந்துசேரவில்லை என்று சொல்கிறது; எண் 16, கணக்கை இயக்க அவருக்கு அதிகாரம் கொடுக்கும் ஆவணம் வரவில்லை என்று சொல்கிறது. அறக்கட்டளையிலோ குடியிருப்போர் சங்கத்திலோ நிர்வாகிகள் மாறியதும் புதிய செயலாளர் காசோலையில் கையெழுத்திட்டு, தீர்மான நகலை வங்கியில் கொடுக்காமல் விட்டால் நேர்வது இதுதான்.

சில நேரம் எண் 12 வந்தாலும் உண்மையான காரணம் படத்தின் கோளாறாக இருக்கும். கையெழுத்தின் மேல் ரப்பர் முத்திரை விழுந்திருந்தாலோ, கையெழுத்து கீழே எம்.ஐ.சி.ஆர். எண்கள் இருக்கும் வெள்ளைப் பட்டைக்குள் இறங்கியிருந்தாலோ, மை மங்கலாக இருந்தாலோ கறுப்பு வெள்ளைப் படத்தில் கோடுகள் அறுந்தோ அப்பியோ தெரியும். காசோலையின் ஒளிநகலைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பார்த்தால் இது ஓரளவு பிடிபடும்.

மாதிரியைப் புதுப்பிக்கும் முறை

தனிநபர் கணக்குக்கு இதன் நடைமுறை எளிது. ஆனால் நேரில் போக வேண்டியிருக்கும். போகும் இடம் கணக்கு இருக்கும் ஹோம் பிராஞ்ச் என்றால் நல்லது. பழைய அட்டையும் கணக்கு தொடங்கிய விண்ணப்பமும் அந்தக் கிளையின் பொறுப்பில் இருப்பவை. கையெழுத்து மாற்ற விண்ணப்பப் படிவத்தைக் கேட்டு வாங்கலாம். படிவம் இல்லாத கிளையில் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுக்கலாம். கணக்கு எண், வாடிக்கையாளர் எண், மாற்றத்துக்கான காரணம் ஆகியவற்றை எழுதி, பழைய கையெழுத்தையும் புதிய கையெழுத்தையும் தனித்தனியே குறிப்பிட்டுப் போட வேண்டும்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பழைய கையெழுத்தைப் போட முடிந்திருந்தால் சிக்கலே வந்திருக்காதே! அப்படிப்பட்ட நிலையில் கையெழுத்துக்குப் பதிலாக ஆளை அடையாளம் காண்பதே வங்கிக்கு வழி. அதனால்தான் நேரில் வரச் சொல்கிறார்கள், அசல் அடையாள ஆவணம் கேட்கிறார்கள், தங்கள் முன்னிலையில் புதிய கையெழுத்தைப் போடச் செய்து அதிகாரி சான்றொப்பம் இடுகிறார். ஆதார் ஆளை அடையாளம் காட்டும். ஆனால் ஆதார் அட்டையில் உரியவரின் கையெழுத்து கிடையாது. பான் அட்டையிலும் பாஸ்போர்ட்டிலும் கையெழுத்து உண்டு. ஆகவே ஆதாரோடு இவற்றில் ஒன்றையும், பாஸ் புத்தகத்தையும், அண்மைக்காலப் புகைப்படத்தையும் எடுத்துப்போவது நல்லது. பான் அட்டையில் இருப்பதும் பழைய கையெழுத்துதான் என்றால் அதை மறைக்க வேண்டியதில்லை. காரணத்தை விண்ணப்பத்திலேயே எழுதிவிட வேண்டும்.

புதிய மாதிரியைக் கொடுக்கும்போது இயல்பான வேகத்தில் போட வேண்டும். வங்கிக்குத் தருகிறோமே என்று நிறுத்தி நிதானமாக, அழகாக எழுதிக் கொடுப்பவர்கள் அடுத்த திரும்பும் காசோலைக்கு அன்றே அடித்தளம் போடுகிறார்கள். காசோலையில் போடப்போவது எதுவோ அதுவே மாதிரியில் இருக்க வேண்டும். கட்டத்துக்குள் அடங்குவதும், கறுப்பு அல்லது அடர்நீல மையும், மாதிரிகளெல்லாம் தம்முள் ஒத்திருப்பதும் ஸ்கேன் தெளிவாக வர உதவும். கை நடுங்குபவர்கள் நீளமான கையெழுத்தை விட்டு, நடுக்கத்திலும் ஒரே மாதிரி வரக்கூடிய சில எழுத்துகளுக்கு மாறிக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் ஒரே அமைப்பில் வருவதுதான் முக்கியம், அழகு முக்கியமில்லை.

விண்ணப்பத்துக்கு ஒப்புகை வாங்குவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. ஒப்புகை, காகிதம் வாங்கப்பட்டது என்பதற்குத்தான் சான்று. மாதிரி ஸ்கேன் செய்யப்பட்டு, கணினியில் ஏற்றப்பட்டு, இன்னோர் அதிகாரியால் சரிபார்க்கப்பட்ட பிறகே காசோலை மையத்தின் திரையில் புதிய படம் தெரியும். சில நாள் கழித்துக் கிளைக்குப் போய், திரையில் இப்போது எந்தக் கையெழுத்து வருகிறது என்று காட்டச் சொல்லலாம். அல்லது தன் பெயருக்கே ஒரு சிறு தொகைக்குக் காசோலை எழுதிக் கவுண்ட்டரில் பணம் எடுத்துப் பார்க்கலாம். கையோடு, சேமிப்புக் கணக்கு தவிர அதே வங்கியில் இருக்கும் வைப்புநிதி, லாக்கர், கூட்டுக் கணக்கு ஆகியவற்றிலும் மாற்றம் ஏறியதா என்று கேட்க வேண்டும். மியூச்சுவல் ஃபண்டு, டீமேட், காப்பீடு போன்றவை தனித்தனி நிறுவனங்கள். அவை தம்மிடம் உள்ள பழைய மாதிரியைத்தான் பார்க்கும்.

ஏற்கெனவே கொடுத்த காசோலைகள்

மாதிரியை மாற்றும்போது பெரும்பாலோர் மறந்துபோவது, பழைய கையெழுத்தில் கொடுத்துவிட்டு இன்னும் வங்கிக்கு வராத காசோலைகளை. கடன் நிறுவனத்துக்கும் வாடகைக்கும் பின்தேதியிட்டுக் கொடுத்தவை புதிய மாதிரி ஏறிய மறுநாளிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பலாம். எனவே செக் புத்தகத்தின் அடிச்சீட்டுகளைப் பார்த்து, இன்னும் பணமாகாத காசோலைகளின் எண், தேதி, தொகை ஆகியவற்றைப் பட்டியலிட வேண்டும். அவற்றைத் திரும்பப் பெற்றுப் புதியதாகக் கொடுக்கலாம். இல்லையென்றால் பட்டியலை விண்ணப்பத்தோடு இணைத்து, இவை பழைய கையெழுத்தில் வரும் என்று எழுதிக் கொடுத்து, வங்கி அதை ஏற்குமா என்பதை எழுத்தில் கேட்டுப்பெற வேண்டும்.

இந்த அலட்சியம் நீதிமன்றம் வரை போகக்கூடியது. ‘லட்சுமி டைகெம்’ வழக்கில் ஒரு நிறுவனம் கொடுத்த காசோலைகள், அதில் கையெழுத்திடும் அதிகாரம் பெற்றவர்கள் மாறியதால் மாதிரியோடு பொருந்தாமல் திரும்பின. பணம் போதாமை இல்லை என்பதால், காசோலை திரும்புவதைக் குற்றமாக்கும் செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆம் பிரிவு பொருந்தாது என்று உயர் நீதிமன்றத்தில் அந்த நிறுவனத் தரப்பு வென்றது. 2012 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. கையெழுத்து பொருந்தாததால் திரும்புவதும் அந்தப் பிரிவுக்குள் வரும் என்று சொன்னது. அதே தீர்ப்பு நேர்மையானவருக்கான வழியையும் காட்டியது: அதிகாரிகள் மாறுவது போன்ற காரணங்களால் கையெழுத்து உண்மையிலேயே மாறலாம், அறிவிப்புக் கிடைத்ததும் உரிய காலத்துக்குள் பணத்தைக் கொடுத்துவிட்டால் குற்றம் இல்லை.

அந்தக் காலக்கணக்கு இதுதான். காசோலை திரும்பியதை வங்கி தெரிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பணம் பெற வேண்டியவர் எழுத்தில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் எழுதியவர் பணம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்யலாம்.

நம் ஆசிரியை என்ன செய்யலாம்? வேலை முடித்தவருக்குப் பணம் உடனே போக வேண்டும் என்பதால் ஆர்.டி.ஜி.எஸ். மூலம் 2,40,000 ரூபாயை அனுப்பிவிட்டு, திரும்பிய காசோலையைக் கேட்டு வாங்கிக் கிழித்துவிடலாம். அல்லது மாதிரியைப் புதுப்பித்த பிறகு அதே காசோலையை மீண்டும் போடச் சொல்லலாம். அவர் அதில் போட்டிருப்பது இப்போதைய கையெழுத்துதானே! காசோலை அதன் தேதியிலிருந்து மூன்று மாதம் செல்லும் என்பதால் அதற்குள் மாதிரி ஏறினால் போதும். இரண்டையும் சேர்த்துச் செய்துவிடக் கூடாது என்பது மட்டும்தான் எச்சரிக்கை. பணம் இரண்டு முறை போய்விடும்.

கை ஒத்துழைக்காதபோது

நோயால் கையெழுத்தே போட முடியாதவருக்கு மாதிரியைப் புதுப்பித்தும் பயனில்லை. ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல்படி அவர் கைரேகையோ கால்விரல் ரேகையோ வைத்துப் பணம் எடுக்கலாம். அந்த ரேகையை வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் உறுதிசெய்ய வேண்டும்; அவர்களில் ஒருவர் பொறுப்பான வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். கிளைக்கு வர முடியாத 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவைகளைத் தர வங்கிகள் முயல வேண்டும் என்று 2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. கையெழுத்து மாற்றத்துக்கும் இதைச் சுட்டிக்காட்டி எழுத்தில் கேட்கலாம். மாதிரியோடு தெளிவாகப் பொருந்தும் கையெழுத்தைத் தவறாகத் திருப்பியிருந்தாலும், கட்டணத்தைத் தவறாகப் பிடித்திருந்தாலும் முதலில் வங்கியில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் முறையிடலாம்.

காசோலை பயன்படுத்தும் ஒவ்வொருவரும் அடுத்த முறை கிளைக்குப் போகும்போது ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாருங்கள்: “என் கையெழுத்து உங்கள் திரையில் எப்படி இருக்கிறது, காட்டுங்கள்.” அது இன்று நீங்கள் போடும் கையெழுத்து இல்லை என்றால், அன்றே விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். அடுத்த காசோலையை அதற்குப் பிறகு எழுதுங்கள்.